கஞ்சாவுக்கு மருத்துவமனை, சாராயத்துக்குச் சிறை

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள், பெரும்பாலும் நம் சனங்கள். அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம். கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் போலீஸ் ஏறியது. ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. மெத்தனால் மலையில் விளைவதில்லை, அது தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் ஏறுவதற்கு எளிதான இடம் மலைதான்.

சாவுக்குக் காரணமான வியாபாரியைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி ஆள் ஒருவர், தானும் தினமும் குடித்து, நாலு லிட்டர் காய்ச்சி விற்றும் பிழைக்கிறவர், பிடிபட்டால் என்ன நடக்கிறது? அதே ஆள் கஞ்சாவோடு பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

கஞ்சாவையே முதலில் பார்ப்போம். பையில் 400 கிராம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. பிரிவு 64-ஏ: அவர் போதைக்கு அடிமையானவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போகிறார் என்றால், அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். பிரிவு 39: குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், அவர் சம்மதித்தால், நீதிபதி தண்டனைக்குப் பதில் பிணைப் பத்திரம் எழுதி வாங்கி சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அவர் திரும்பி வந்து சிகிச்சையின் பலனைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இதைத்தான் 'போதை நீதிமன்றம்' என்று தனி அமைப்பாக நடத்துகிறார்கள். நம்மிடம் தனி நீதிமன்றம் இல்லை, விதை மட்டும் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. நம் ஊரில் 'போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றம்' என்று பலகை தொங்குவதெல்லாம் வேகமாக விசாரித்துத் தண்டிப்பதற்கானவை.

இந்த விதை யாருக்கு முளைத்தது? நாடறிந்த உதாரணம் இந்தி நடிகர் ஃபர்தீன் கான். 2001இல் கொக்கெய்ன் வழக்கில் கைதானார், சிகிச்சை எடுத்துக்கொண்டார், 2012இல் மும்பைச் சிறப்பு நீதிமன்றம் 64-ஏ பிரிவின்கீழ் அவருக்கு விலக்கு அளித்தது. அதில் தவறேயில்லை, சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தார், மருத்துவமனை பக்கத்தில் இருந்தது. ஜமுனாமரத்தூரில் இறங்கி 64-ஏ என்று சொல்லிப் பாருங்கள். பேருந்துத் தடம் எண் என்று நினைப்பார்கள்.

இப்போது சாராயம். போதைப்பொருள் சட்டம் மதுவைத் தொடுவதில்லை. ஆகவே 64-ஏ இல்லை, 39 இல்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வரும். வழக்குகள் சேர்ந்தால் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், நாம் 'குண்டாஸ்' என்று சொல்வது, விசாரணையில்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கும். அதன் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள், குண்டர்களுக்கு முன்பே வரிசையில் முதலாவதாக நிற்பவர் கள்ளச்சாராயக்காரர்தான். ஒரே மனிதர், ஒரே நோய். கையில் இருந்த பொருள் மாறியதால் மருத்துவமனைக் கதவு மறைந்துவிடுகிறது. மலை இறங்கி டாஸ்மாக்கில் வாங்கிக் குடித்தால் அவர் அரசுக்கு வாடிக்கையாளர்.

இந்த நோயாளியைத் திடீரென்று சிறையில் போட்டால் உடம்பு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும், காய்ச்சல் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இதற்கு மருந்து அரிதானதல்ல: நடுக்கத்தை அடக்க டயசிபாம் வகை மாத்திரை, மூளையைக் காக்க தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி, ஒரு வாரம் கண்காணிப்பு. ரிமாண்டில் மூன்றாம் நாள் ஒருவர் கத்தினால் 'திமிர்' என்று அடிக்கிற காவலரும், 'வித்ட்ராயல்' என்று அடையாளம் காண்கிற டாக்டரும் பார்ப்பது ஒரே காட்சியைத்தான்.

சரி, தண்டனையைவிட சிகிச்சை பலன் தருகிறதா? அமெரிக்காவில் மயாமி நகரம் இருக்கும் டேட் கவுண்டியில் 1989இல் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியது. சிறைக்குப் பதில் சிகிச்சை, அடிக்கடி சிறுநீர்ச் சோதனை, நீதிபதி முன் திரும்பத் திரும்ப ஆஜராவது, முடித்தால் வழக்கு ரத்து. 2012இல் 154 மதிப்பீடுகளைத் தொகுத்த ஆய்வு, மற்றவர்களில் 50 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் சிக்கியபோது இந்த வழியில் போனவர்களில் 38 சதவீதம் பேரே சிக்கினார்கள் என்று கணக்கிட்டது. பலன் உண்டு. ஆனால் அந்த மதிப்பீடுகளில் பல பலவீனமானவை என்று தொகுத்தவர்களே சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு கசப்பான ஒன்றைக் காட்டியது: சிறைக்குப் போகிறவர் எண்ணிக்கை குறைந்தது, எல்லோரும் சேர்ந்து சிறையில் கழித்த மொத்த நாட்கள் குறையவில்லை. ஏனென்றால் இடையில் தவறியவர்களுக்கு நீண்ட தண்டனை விழுந்தது. தவறியவர்களில் கறுப்பின மக்களின் பங்கு பல இடங்களில் அதிகம்.

நமக்கான எச்சரிக்கை இங்கேதான். ஜவ்வாது மலைக்காரரை வாரம் ஒருமுறை கீழே வந்து நீதிமன்றத்தில் நில், மருத்துவமனையில் சோதனை கொடு என்று உத்தரவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். மழையில் பேருந்து வராத நாளும் 'நிபந்தனை மீறல்' என்று பதிவாகும். மூன்று மீறலுக்குப் பிறகு நேராகச் சிறைக்குப் போயிருந்தால் கிடைத்திருப்பதைவிடக் கூடுதலாக உள்ளே இருப்பார். அவர் குடித்தாரா, பேருந்தைத் தவறவிட்டாரா என்று அந்தப் பதிவேட்டில் இருக்காது. ஆகவே 'இங்கேயும் போதை நீதிமன்றம் கொண்டு வா' என்று சில நண்பர்கள் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2019இல் எய்ம்ஸ் தலைமையில் வந்த தேசிய ஆய்வின்படி குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவமனை இல்லாமல் நீதிமன்றம் மட்டும் வந்தால் அனுப்புவதற்கு இடம் எங்கே?

இருக்கிற சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 4. சிறைக்குப் பதில் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடுவிக்கலாம், போதையைத் தவிர்க்க வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். சாராய வழக்கில் வாதாடும் இலவசச் சட்ட உதவி வக்கீல்கள் இதைக் கேட்க வேண்டும். குறைந்தபட்ச தண்டனை என்று சட்டத்தில் இறுக்கிக்கொண்டே போனால் இந்த வழியும் குறுகும், அதனால்தான் ஒவ்வொரு திருத்தத்தையும் வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன்.

குடிக்கு அடிமையாகாமல் வயிற்றுக்காக மட்டும் காய்ச்சுகிறவருக்கு சிகிச்சை எதுவும் வேண்டாம், அவருக்கு வேண்டியது வருமானம். மனம் திருந்திய மதுவிலக்குக் குற்றவாளிகளுக்கு மாடு, ஆடு வாங்க அரசே மறுவாழ்வு நிதி தருகிறது. ஜவ்வாது மலையில் ஊராட்சிவாரியாக எத்தனை பேருக்குப் போனது, அவர்களில் எத்தனை பேர்மீது மறுபடி வழக்கு வந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மூன்றாவதாக, மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் தயமின் ஊசி கையிருப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள்.