சீனத்திலும் ஓர் அறுபது

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளை அறிந்த அன்பர்களுக்கு, சீன தேசத்திலும் அறுபது ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு என்பது வியப்பளிக்கலாம். நம் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. சீனர்களோ ஒரு தத்துவத்தையும் ஒரு விலங்கையும் சேர்த்து ஆண்டைக் குறிக்கின்றனர். அச்சேர்க்கை நிகழும் முறையை இவ்வாரம் காண்போம்.

சீனர் கூறும் ஐந்து தத்துவங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன. நம் பஞ்சபூதங்களில் உள்ள காற்றும் ஆகாயமும் இவற்றில் இல்லை. இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாகக் கருதப்படுகின்றன. மரம் எரிந்து நெருப்பாகிறது. நெருப்பின் சாம்பல் மண்ணாகிறது. மண்ணுள் உலோகம் விளைகிறது. குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் அரும்புகிறது. நீர் மரத்தை வளர்க்கிறது. ஆண்டுகளும் இதே வரிசையில் நடக்கின்றன.

ஒவ்வொரு தத்துவத்துக்கும் யாங், யின் என இரு நிலைகள் உண்டு. மலையின் வெயில் படும் பக்கம் யாங், நிழல் படும் பக்கம் யின் என்பது இச்சொற்களின் பழம்பொருள். ஆகவே ஒரு தத்துவம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை ஆளும். முதலாண்டு யாங், மறு ஆண்டு யின். ஐந்து தத்துவங்களும் ஒரு சுற்று முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆகும்.

விலங்குகளோ பன்னிரண்டு: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. இவை ஆண்டுக்கொன்றாக மாறும்.

1984ஆம் ஆண்டு யாங் மரமும் எலியும் கூடிய ஆண்டு. தற்போதைய சுழற்சியின் முதலாண்டு. 1985 யின் மரமும் எருதும். 1986 யாங் நெருப்பும் புலியும். இவ்வாறே சென்று பத்து ஆண்டுகள் முடிந்ததும், 1994இல் யாங் மரம் திரும்பியது. ஆனால் அப்போது வந்த விலங்கு நாய். எலி 1996இல்தான் வந்தது. அப்போதோ யாங் நெருப்பின் காலம். பத்தும் பன்னிரண்டும் மீண்டும் ஒருங்கே தொடக்கத்துக்கு வர அறுபது ஆண்டுகள் ஆகும். ஆகவே யாங் மர எலி மறுபடி வருவது 2044இல்.

பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கினால் நூற்றிருபது அல்லவா என்று அன்பர்கள் வினவலாம். யாங்கும் யின்னும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதால், எலி, புலி, டிராகன், குதிரை, குரங்கு, நாய் ஆகிய ஆறும் என்றும் யாங் ஆண்டிலேயே வரும். எஞ்சிய ஆறும் யின் ஆண்டிலேயே வரும். யின் மர எலி என ஒன்று வரவே வராது. எனவே நூற்றிருபதில் பாதி நிகழாமற்போக, எஞ்சுவது அறுபது. அதாவது ஒவ்வொரு விலங்கும் ஐந்து தத்துவங்களையும் தலைக்கு ஒருமுறை சந்திக்கிறது.

ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கமே தத்துவத்தைக் காட்டிவிடும். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். இரட்டை எண் யாங், ஒற்றை எண் யின். எனினும் சீன ஆண்டு ஜனவரி முதல் தேதியில் பிறப்பதன்று. 1966இல் அது பிறந்தது ஜனவரி 21ஆம் நாள். அதற்கு முந்தைய வாரம் பிறந்த குழந்தை, சீனக் கணக்கில் முந்தைய ஆண்டாகிய மரப் பாம்பைச் சேர்ந்தது.

அந்த 1966 யாங் நெருப்புக் குதிரை ஆண்டு. குதிரைக்கே இயல்பான தத்துவம் நெருப்பு என்பர். ஆதலால் அது தீயின்மேல் தீ. இக்கணக்கைச் சீனரிடமிருந்து பெற்ற ஜப்பானியரிடையே, அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. 1965இல் அங்கே சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966இல் அது சுமார் 13 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்து, அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. நான்கில் ஒரு பங்கு பிறப்புகளை ஓர் ஆண்டின் பெயர் தடுத்துவிட்டது! எண்ணுவதற்கு அமைந்த பெயரைக் கொண்டு ஒரு பெண்ணின் குணத்தை அளக்கப் புகுந்ததன் விளைவு இது.

அதே ஜப்பானில் இச்சுழற்சிக்கு ஓர் இனிய முகமும் உண்டு. அறுபது நிறைந்தவருக்குப் பிறந்த ஆண்டே திரும்பி வருவதால், அவர் மீண்டும் குழந்தையாகப் பிறந்ததாகக் கொண்டு சிவப்பு ஆடை அணிவித்து விழா எடுப்பர். 'கன்ரெக்கி' என்பது அதன் பெயர். நம் சஷ்டியப்த பூர்த்தியின் உட்பொருளும் பிறந்த ஆண்டு திரும்புவதே அன்றோ! 2026 மீண்டும் நெருப்புக் குதிரை ஆண்டு. அன்று பெற்றோர் அஞ்சாமல் பெற்றெடுத்த பெண்மக்கள், அவ்வாண்டில் சிவப்பு ஆடை அணியும் அறுபதை எட்டுகின்றனர்.