ஜாதகம் வேறு, பிரசன்னம் வேறு

நான் பிறந்தது காரைக்காலில், பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடியச் சில ஆண்டுகள் இருந்தபோது. அவர்களுடைய பிறப்புப் பதிவேட்டில் தேதியோடு மணியையும் எழுத வேண்டும் என்பது சட்டம். அதனால் என் பிறந்த நேரம் பிரெஞ்சு மொழியில், முத்திரையோடு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. என் மனைவி சிறுமலை அடிவாரத்துக் கிராமத்தில் பிறந்தவள். "கார்த்திகை மாசம், மாடு வீடு திரும்புற நேரம்" என்பதற்கு மேல் என் மாமியாருக்குத் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் இருப்பது வாத்தியார் போட்ட தேதி.

லக்னம் சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மாடு வீடு திரும்பும் நேரத்தை வைத்து லக்னம் போட்டால் ராசியே மாறிப்போகலாம். அதனால்தான் "ஜாதகம் இல்லையா, பிரசன்னம் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் உடன்பாடு இல்லை. ஜாதகத்துக்கு மாற்று அல்ல பிரசன்னம். என் பழைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஜாதகம் ஒருவருடைய பணிப்பதிவேடு. பிரசன்னம் ஒரே ஒரு மனுவுக்கு எழுதிய பதில். மனு முடிந்தால் கோப்பும் முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர், மலைவாழைத் தோட்டப் பங்கில் ஏற்பட்ட சண்டையில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். போனும் அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் மனைவியை ஒரு ஜோதிடரிடம் அழைத்துப் போனேன். அவர் பிறந்த தேதியே கேட்கவில்லை. "கேள்வியை மனசில் நிறுத்தி, ஒன்றிலிருந்து 249க்குள் ஒரு எண் சொல்லுங்கம்மா" என்றார். அவள் 33 என்றாள்.

இது 1972இல் மறைந்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வகுத்த முறை. கேட்ட நேரத்தின் லக்னத்தையே எடுத்தால், ஒரே நிமிடத்தில் கேட்கும் இருவருக்கும் ஒரே கட்டம் வந்துவிடும். அதற்காகத்தான் எண். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஒன்பது உபபிரிவுகளாகப் பிரித்தால், 27 நட்சத்திரத்துக்கு 243 வரும். அவற்றில் ஆறு பிரிவுகள் ராசி எல்லையில் இரண்டாக உடைவதால் 249. எண் லக்னத்தைத் தரும். கிரகங்களின் இருப்பை ஜோதிடர் கணிக்க உட்காரும் நேரம் தரும்.

33க்கு லக்னம் ரிஷபம் 15 பாகை 40 கலை. நட்சத்திரம் ரோகிணி, அதன் அதிபதி சந்திரன், உபபிரிவு சனி. ரிஷபத்துக்கு மூன்றாம் வீடு கடகம், அது சந்திரனுடைய வீடு. மூன்று என்பது இளைய சகோதரம். "தம்பி விஷயம்தானே?" என்று அவர் கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள். கேள்வி உண்மையானதா என்று பார்க்க ஜோதிடர்கள் இப்படித்தான் சந்திரனைக் கவனிப்பார்கள். பிறகு, "சனி தாமதப்படுத்துவார். தைக்குள் தானாக வந்துவிடுவார்" என்றார்.

இங்கேதான் நாங்கள் தவறினோம். தானாக வருவார் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுக்காமல் இருந்தோம். ஒரு வாரத்தில் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வேறொரு ஜோதிடரிடம் போய் வேறு எண் சொன்னாள். அவர் "வரமாட்டார்" என்றார். அதோடு விடாமல், அதே கட்டத்தை வைத்து அவளுடைய ஆயுளையும் சொன்னார். ஒரு கேள்விக்குப் போட்ட கட்டத்தில் ஒரு பிறவியைப் படிப்பது முறையே அல்ல. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் முறையல்ல என்று பிரசன்னம் பார்ப்பவர்களே சொல்வார்கள். பிடித்த பதில் வரும்வரை எண் மாற்றிக்கொண்டே போனால், அது காசு சுண்டுவதுபோல.

தை முடிந்தது. பிறகுதான் புகார் கொடுத்தோம். பங்குனியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருப்பதாகத் தகவல் வந்தது. நான் போய் அழைத்து வந்தேன். உடம்பு பாதியாக இளைத்திருந்தார். முதல் ஜோதிடரின் வாக்கு பலித்ததா? வந்தார், தாமதமாக வந்தார், அது சரி. தைக்குள் வரவில்லை, தானாக வரவில்லை. மனைவி பலித்தது என்கிறாள். நான் பாதி மதிப்பெண்கூடப் போடமாட்டேன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் ஜாதகப் பலன்களில் "நடுத்தர வயதில் அலைச்சல்" என்று எழுதியிருப்பதைச் சரியா தப்பா என்று யாரும் நிரூபிக்க முடியாது. பிரசன்னம் ஒரு கேள்விக்கு ஒரு பதில், ஒரு கெடு என்று மாட்டிக்கொள்கிறது. ஆகவே பார்ப்பவர்கள் பாருங்கள். கேள்வி, எண், தேதி, பதில், கெடு ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கெடு முடிந்ததும் எடுத்துப் படியுங்கள். அதுவரை செய்ய வேண்டியதை நிறுத்தாதீர்கள். நாங்கள் நிறுத்திய அந்த மாதங்களை நினைத்தால் என் மைத்துனர் முகத்தைப் பார்க்க இன்றும் கூச்சமாக இருக்கிறது.