ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது

முக்கூடல் பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறோம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே கேள்வி போதும்: “அதில் தெரிவது உங்கள் போனில் நீங்களே பதிந்த பெயர்தானே?”

கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியச் சான்று. அப்படியிருந்தும், மேல்முறையீட்டின்போது 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். சூழலும் சேர்ந்துதான் சாட்சியம்.

ஆகவே எண் தெரியும் பக்கம், தேதி, முன்பின் உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். உறுப்பினர் பட்டியலையும் எடுங்கள். வன்கொடுமைச் சட்டம் கேட்கும் ‘பொதுப் பார்வை’யைக் காட்ட அது உதவும். மூல மெசேஜை அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.