பெயர் மாறிப் போன மெயிலும் திருத்தமும்

மெர்ச்சண்டைசரின் நாள் பெரும்பாலும் பாலோ-அப்பிலேயே கழிகிறது. லேப் டிப் அப்ரூவல் வந்ததா, சைஸ் செட் சாம்பிள் பார்த்தார்களா, கொடுத்த விலைக்கு என்ன பதில் என்று பையரை மெயிலில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மாதிரியான மெயிலைப் பலருக்கு எழுதுவதால், பழைய மெயிலைத் திறந்து ஸ்டைல் நம்பரையும் விலையையும் மட்டும் மாற்றி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதில்தான் ஒரு பையருக்குப் போகும் மெயிலில் இன்னொரு பையரின் பெயர் தங்கிவிடுகிறது. தவறு நடந்த பிறகு அனுப்பும் திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே இந்த இதழில் எழுதுகிறோம். பல நிறுவனங்களிலிருந்து போகும் திருத்தங்களில் வருத்தம் நிறைய இருக்கிறது, தகவல் இருப்பதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் பையர் ஒருவருக்கு ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸி, 12,000 பீஸ், தூத்துக்குடி எஃப்.ஓ.பி. 2.85 டாலர் என்று விலை கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குப் பாலோ-அப் போகிறது. முகவரி சரி, விளிப்பும் சரி. மூன்றாவது வரியில் மட்டும் ‘உங்கள் நிறுவனத்தின் கோடைக்கால ஆர்டருக்காக’ என்ற இடத்தில் டச்சு பையர் ஒருவரின் நிறுவனப் பெயர் நிற்கிறது.

இதைப் படிக்கும் ஜெர்மன் பையருக்கு முதலில் தோன்றுவது மனத்தாங்கல் அல்ல, சந்தேகம். இந்த 2.85 எனக்குச் சொன்ன விலையா, அவர்களுக்குச் சொன்னதா? 180 ஜி.எஸ்.எம். என்பது என் டெக் பேக்கில் இருப்பதா? சொல்லியிருக்கும் ஷிப்மென்ட் தேதி யாருடையது? திருத்தம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘பெயர் தவறிவிட்டது, மன்னிக்கவும், முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். முழு மெயிலையும் ஒதுக்கச் சொல்கிறார்களா, பெயரை மட்டுமா என்று அவருக்குத் தெரியாது.

அதனால் எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. சென்ட் ஃபோல்டரிலிருந்து போன மெயிலைத் திறந்து, காஸ்டிங் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். பழைய மெயிலின் மேல் எழுதியது என்றால் பெயர் மட்டும்தான் தங்கியது என்று நம்ப முடியாது. பேமென்ட் டெர்ம்ஸ், கார்ட்டன் பேக்கிங், டெலிவரி வாரம் எதுவும் பழையதாக இருக்கலாம். அட்டாச்மென்ட்டையும் திறந்து பாருங்கள். ஃபைலின் பெயரில் மற்ற பையரின் பெயர் இருக்கிறதா, எக்ஸலில் மறைத்து வைத்த ஷீட் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். பெயருக்கு ஒரு திருத்தம், அரை மணி கழித்து விலைக்கு இன்னொரு திருத்தம் என்று போனால் மூன்றாவது மெயிலை யாரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு எழுதுவது எளிது. நாம் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘இன்று நான் அனுப்பிய மெயிலின் மூன்றாவது வரியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்துவிட்டது. அது என் தவறு, வருந்துகிறேன். விலை 2.85 டாலர், 12,000 பீஸ், 180 ஜி.எஸ்.எம்., டெலிவரி வாரம் ஆகியவை உங்கள் ஸ்டைலுக்கு உரியவையே. காஸ்டிங் ஷீட்டோடு சரிபார்த்துவிட்டேன். திருத்திய மெயில் கீழே உள்ளது.’ அதன் கீழே சரியான மெயில் முழுவதும் இருக்க வேண்டும். மற்ற பையரின் பெயரை மறுபடி எழுதக் கூடாது. கம்ப்யூட்டர் கோளாறு, வேலைப்பளு போன்ற காரணங்களும் தேவையில்லை.

இதைப் பழைய மெயிலுக்கு ரிப்ளையாக அனுப்பாமல், சப்ஜெக்ட் முன்னால் `Correction:` சேர்த்துப் புது மெயிலாக அனுப்புவதே நல்லது. ரிப்ளை என்றால் தவறான பெயரோடு பழைய மெயிலும் கீழே ஒட்டிக்கொண்டு போகும். பையர் அதைத் தன் குவாலிட்டி டீமுக்கு ஃபார்வர்டு செய்தால் பெயர் இன்னும் பலர் கண்ணில் படும். ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் தனி உரையாடலாகவே வந்து நிற்கும் என்பதால் கண்ணில் படாமல் போகாது. நேரமும் முக்கியம். நமக்கு மாலை ஆறரை என்றால் ஜெர்மனியில் கோடையில் பிற்பகல் மூன்று மணி, குளிர்காலத்தில் இரண்டு மணி. அவர் இன்னும் மேசையில்தான் இருப்பார். திங்கட்கிழமைக்குத் தள்ளினால், அந்த விலையை அவர் தன் மேலாளருக்கு அனுப்பிய பிறகுதான் திருத்தம் போய்ச் சேரும்.

அவுட்லுக்கின் ரீகால் இங்கே உதவாது. அது ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளியில் இருப்பவருக்கு, அனுப்பியவர் அதைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று இன்னொரு மெயில்தான் போகும். படிக்காதவரும் தேடிப் படிப்பார். ஜிமெயிலின் அன்டூவை அதிகபட்சம் 30 விநாடிக்கு வைத்துக்கொள்ளலாம். அனுப்பிய கையோடு கவனித்தால் மட்டுமே அது பயன்படும்.

மெயிலே ஆள் மாறிப் போவது வேறு வகை. முகவரிப் பெட்டியில் இரண்டு எழுத்து அடித்ததும் தானாக வந்த பெயரைத் தட்டியதில், ஜெர்மன் பையரின் காஸ்டிங் ஷீட் டச்சு பையருக்குப் போய்விட்டது என்று வையுங்கள். இங்கே திருத்தம் இரண்டு பேருக்கும் போக வேண்டும், இரண்டும் ஒன்று போல இருக்கக் கூடாது.

தவறிப் பெற்றவருக்கு எழுதுவது சுருக்கமாக இருக்கட்டும். இத்தனை மணிக்கு இந்த சப்ஜெக்ட்டில் வந்தது உங்களுக்கானது அல்ல, அட்டாச்மென்ட்டோடு அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம், அழித்ததும் ஒரு வரி பதில் தாருங்கள். அது யாருக்கு உரியது, உள்ளே என்ன இருந்தது என்று விளக்கப் போனால் திறக்காதவரையும் திறக்க வைத்துவிடுவீர்கள். ஷீட்டை அட்டாச் செய்யாமல் டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தால், இதை எழுதும் முன்பே லிங்க்கின் அனுமதியை நீக்கிவிடுங்கள். அதற்குள் அவர் டவுன்லோடு செய்யாமல் இருந்தால் ஷீட் தப்பிவிடும்.

விலைக்கு உரியவரிடம் சொல்வதுதான் பலர் தவிர்க்கும் வேலை. தவிர்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பல பையர்களோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் இப்படித் தகவல் வெளியேறினால் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து உண்டா என்று முதலில் பாருங்கள். ஷரத்து இல்லை என்றாலும் அடுத்த கண்காட்சியில் வேறு வாய் வழியாக அவர் கேட்பதைவிட நம்மிடமிருந்து கேட்பது மேல். மெர்ச்சண்டைசர் மறைத்துத் தானே சமாளிக்க முயலாமல் உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும். மேலாளர் முதலில் போனில் பேசி, பிறகு எழுத்தில் கொடுக்க வேண்டும்: எந்த ஷீட், எப்போது போனது, எத்தனை பேருக்குப் போனது, அழிக்கச் சொல்லிப் பதில் வந்ததா. பெற்றவர் யார் என்பதை, அவரும் நம் பையர் என்பதால், ஒப்பந்தம் கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை.

உரியவருக்கு மெயிலை மறுபடி அனுப்பும்போது, சென்ட் ஃபோல்டரிலிருந்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஃபார்வர்டு செய்த மெயிலின் தலையில் `To:` வரி அப்படியே இருக்கும். பெற்றவரின் பெயரும் முகவரியும் அங்கே வெளியாகிவிடும். புதிதாகவே எழுதுங்கள்.

நம் ஊரில் பாதி மெயில் பையிங் ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, சி.சி.யில் நான்கைந்து பேர் இருப்பார்கள். பையருக்கு மட்டும் திருத்தத்தை அனுப்பிவிட்டுப் பையிங் ஆபீஸை விட்டுவிட்டால், அங்கிருப்பவர் கையில் பழைய மெயில்தான் இருக்கும். அவர் அந்த மெயிலை வைத்தே சாம்பிளுக்கு டேக் எழுதுவார், அதே பெயரில். முதல் மெயில் யார் யாருக்குப் போனதோ அந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் திருத்தத்தின் முகவரியில் இருக்கிறார்களா என்று ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.