வாலில் இருக்கும் இரண்டு எழுத்து

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். அடுத்த தெரு அம்மாள் செல்போனைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தார். "அண்ணே, லண்டன்லேர்ந்து பேரன் அனுப்புன பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குதாம். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னிக்கே கட்டலன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம். பக்கத்து வீட்டுப் பையன் கட்டித் தர்றேங்குறான். கட்டச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

பேரன் லண்டனில் படிப்பது உண்மை. ஏதோ அனுப்பப் போவதாக அவன் சொல்லியிருந்ததும் உண்மை. அதனால்தான் அவர் நம்பிவிட்டார். நான் செய்தியைப் படிக்கவில்லை. அதில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன்: CP483172654UK. "பணம் கட்டாதீங்கம்மா. இது தபால் எண்ணே இல்லை" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்பதை எழுதினால் நம் வயதுக்காரர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

ஒரு நாட்டுத் தபாலில் சேர்த்து, மறு நாட்டுத் தபாலில் வாங்கும் பதிவுக் கடிதம், பார்சல் போன்றவற்றின் எண்ணுக்கு உலகம் முழுவதும் ஒரே அமைப்பு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள அகில உலகத் தபால் ஒன்றியம் வகுத்தது. 1874-இல் தொடங்கிய அந்த ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். 'யூனியோன் போஸ்தல் யுனிவெர்செல்' என்றுதான் என் வாயில் வரும். அந்த அமைப்பின்படி எண்ணில் மொத்தம் 13 இடங்கள். முதல் இரண்டு எழுத்து என்ன வகைத் தபால் என்று சொல்லும்: R என்று தொடங்கினால் பதிவுத் தபால், C என்றால் பார்சல், E என்றால் விரைவுத் தபால். நடுவில் ஒன்பது இலக்கம். கடைசி இரண்டு எழுத்து, எந்த நாட்டுத் தபால் துறை அதைப் பெற்றுக்கொண்டது என்று சொல்லும்.

அந்த எழுத்துகளை அவரவர் இஷ்டத்துக்குப் போட முடியாது. நாடுகளுக்கென்று ஒரு சர்வதேசப் பட்டியல் இருக்கிறது. இந்தியா IN, பிரான்ஸ் FR, இலங்கை LK, சிங்கப்பூர் SG. ஜெர்மனி DE, ஏனென்றால் அவர்கள் மொழியில் அது டாய்ச்லாந்து. CH என்று பார்த்ததும் பலர் சீனா என்று நினைப்பார்கள். அது சுவிட்சர்லாந்து, அந்நாட்டின் லத்தீன் பெயரின் முதல் எழுத்துகள். சீனாவுக்கு CN. இங்கிலாந்துத் தபாலுக்கு GB. எல்லோரும் வாயால் சொல்லும் UK அந்த எண்ணின் வாலில் வரவே வராது. ஏமாற்றுக்காரன் காதில் கேட்டதை வைத்து எழுதியிருந்தான், அதனால் மாட்டிக்கொண்டான்.

ஒன்பது இலக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. முதல் எட்டை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வந்த தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் கிடைக்கும். (10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள்.) அம்மாள் காட்டிய எண்ணில் 48317265-க்குக் கணக்குப் போட்டேன். கூட்டுத்தொகை 214, 11-ஆல் வகுத்தால் மீதி 5, 11-இலிருந்து 5 போனால் 6. ஆனால் அதில் இருந்ததோ 4.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனை இலக்கங்களுக்கு மட்டும்தான், எழுத்துகளுக்குக் காவல் கிடையாது. இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு காட்டிக்கொடுக்கும். FR என்பதை PR என்று எழுதினால் கணக்கு சரியாகவே வரும், பார்சல் மட்டும் எங்கு தேடினாலும் கிடைக்காது. அதனால் போனில் எண் வாங்கும்போது வாலை இரண்டு தடவை கேட்டு எழுதுங்கள்.

சரி, அந்த இரண்டு எழுத்து பார்சல் புறப்பட்ட மண்ணைச் சொல்கிறதா? இல்லை, தபால் துறையைச் சொல்கிறது. ரெயூனியோன் தீவில் நம் காரைக்கால் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் பல. அங்கே சேன் தெனியிலிருந்து என் உறவினர் அனுப்பும் பார்சல் FR என்றுதான் முடியும். நாட்டுப் பட்டியலில் ரெயூனியோனுக்கு RE என்று தனி எழுத்து இருக்கிறது. ஆனாலும் அங்கே தபால் நடத்துவது பிரான்சின் லா போஸ்த், அதனால் FR. நியூ கலெடோனியாவும் பிரான்சின் கொடியின் கீழ்தான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தத் தபால் துறை உண்டு. அங்கிருந்து வருவது NC என்று முடியும்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. 1954 நவம்பர் 1 வரை நம் ஊர்க் கடிதத்தில் பிரெஞ்சிந்தியத் தபால்தலை. அதன் பிறகு இந்தியத் தபால்தலை. விழிதியூர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, தபாலுக்குப் பொறுப்பாளிதான் மாறினார்.

அந்தப் பொறுப்பாளி யார் என்பதுதான் காரியம். வரவேண்டிய பார்சல் வராவிட்டால் நாம் நம் தபால் ஆபீஸ் கவுண்டரில் போய்ச் சண்டை போடுகிறோம். அங்கே இருப்பவர் கணினியில் பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். விசாரணையைப் பொதுவாக அனுப்பியவர்தான் தொடங்க வேண்டும், அதுவும் வாலில் உள்ள எழுத்துக்குரிய நாட்டில், தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். FR என்றால் பிரான்சில் உள்ள மகன் அங்கே ரசீதோடு கேட்க வேண்டும். பிரெஞ்சு ஓய்வூதியக்காரர்கள் இங்கிருந்து அனுப்பும் உயிர்ச் சான்றிதழ் IN என்று முடியும். அது தொலைந்தால் கேட்க வேண்டியது நாம், இங்கே. அதனால் ரசீதை ஆறு மாதமாவது பத்திரப்படுத்துங்கள்.

வால் சரியாக இருந்தாலே எல்லாம் உண்மை என்று நினைக்க வேண்டாம். அடுத்த மோசக்காரன் GB என்றே போடுவான், உண்மையான எண் ஒன்றைத் திருடியும் எழுதுவான். தப்பான வால் மோசடியைக் காட்டிக்கொடுக்கும்; சரியான வால் நேர்மைக்குச் சாட்சி ஆகாது. ஆகவே செய்தியில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அனுப்பியவரையே கூப்பிட்டு, அவர் ரசீதில் உள்ள எண்ணைக் கேளுங்கள். தபாலில் வரும் பார்சலுக்குச் சுங்க வரி இருந்தால், அதைப் பார்சலோடு வரும் தபால்காரரிடம் கொடுத்து ரசீது வாங்கலாம். முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அம்மாள் பேரனைக் கூப்பிட்டார். அவன் பார்சலை அனுப்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவன் ரசீதைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். கடைசியில் "ஜி, பி" என்றான். மூன்று வாரம் கழித்து ஒரு கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் அதை எங்கே போர்த்துவது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.