செவ்வாய்க்கிழமை கடை லீவு

டிரேடு லைசென்ஸைப் புதுப்பிக்க ஜனவரி 31 கடைசி, தாண்டினால் அபராதம் என்று ஹைதராபாத் பத்திரிகைகளில் வருஷா வருஷம் வரும் செய்தி இந்த வாரமும் வந்தது. செகந்திராபாத் பத்மாராவ் நகரில் காபித்தூளும் அப்பளமும் விற்கும் என் அண்ணன் மகன் உடனே போன் போட்டான். "நம்மகிட்டதான் எல்லா லைசென்ஸும் இருக்கே சித்தப்பா?"

இல்லை. அவனிடம் இருந்தது மாநகராட்சியின் டிரேடு லைசென்ஸ் ஒன்றுதான். கடையின் பரப்பையும் எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் பார்த்துக் கட்டணம் போட்டு மாநகராட்சி தருவது அது. ஹைதராபாத்தில் 'லேபர் லைசென்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் கடைகள் நிறுவனங்கள் சட்டப் பதிவோ தொழிலாளர் துறையினுடையது. 1988-ல் ஆந்திர சட்டமாக வந்து, தெலங்கானா பிரிந்தபின் இங்கேயும் தொடர்கிறது. கடை திறந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான், நான் முடிச்சுத் தரேன்" என்று ஒரு ஏஜென்ட் இவனிடம் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், கடையின் போட்டோ, வேலைக்கு எத்தனை பேர் என்ற விவரம் என்று இவ்வளவையும் துறையின் இணையதளத்திலோ மீசேவா மையத்திலோ பையனே போட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை வரை இந்தப் பதிவே கிடையாது. இப்போதும் அங்கே பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். அதை நினைத்து நம்மவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். தெலங்கானாவில் உதவிக்கு ஒரு பையன் மட்டும் இருக்கிற கடைக்கும் பதிவு வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் வந்தால் மேஜை டிராயரில் வைக்கக்கூடாது, கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பெயர்ப்பலகையில் தெலுங்கு மேலே, மற்ற மொழிகள் அதற்குக் கீழே. ஃப்ளெக்ஸ் போர்டுகளைப் பற்றி நான் புலம்பாத மாதம் இல்லை என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இவன் கடை போர்டிலும் கோபுரம், டபரா, ஆவி பறக்கும் காபி எல்லாம் இருந்தன. ஜி.எஸ்.டி. எண்ணைக் காணோம். வாசல் போர்டில் அந்த எண் இருந்தாக வேண்டும், சான்றிதழ் உள்ளே மாட்டியிருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அதையும் போர்டில் எழுத வேண்டும். அப்படிப்பட்டவர் பில்லில் தனியாக வரி போட்டு வாங்கக்கூடாது என்பதால் வாங்குபவருக்கு உபயோகமான ஒரே வாசகம் அதுதான். டபரா படத்தைக் கொஞ்சம் சிறிசாக்கினால் இடம் கிடைக்கும். எடைத்தராசின் முத்திரைச் சான்றிதழும் வெளியே தெரிய வேண்டும். அதை ஏழுமலையான் காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. மின்னணுத் தராசுக்கு அந்த முத்திரை வருஷம் ஒருமுறை.

டிரேடு லைசென்ஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தச் சுவரில் இல்லாத இன்னொரு காகிதம்தான் என்னை உறுத்தியது. கடைக்கு வாரத்தில் ஒருநாள் அடைப்பு என்கிறது அந்தக் கடைகள் நிறுவனங்கள் சட்டம். அது எந்த நாள் என்பதை வருஷத் தொடக்கத்தில் கடைக்காரரே முடிவு செய்து, இன்ஸ்பெக்டருக்குத் தெரிவித்து, கடையில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்குமேல் மாற்றக்கூடாது. அந்த நாளுக்காகச் சம்பளத்தில் கைவைக்கவும் கூடாது.

இந்தச் சட்டத்தில் கடைப் பையனுக்கென்று கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது இதுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்ற கணக்கெல்லாம் ரெஜிஸ்டரில் எப்படி வேண்டுமானாலும் எழுதப்படும். யார் ஓவர்டைம் பார்த்தார் என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. 'செவ்வாய் விடுமுறை' என்று சுவரில் ஒட்டிவிட்டுச் செவ்வாயன்று ஷட்டர் திறந்திருந்தால் தெருவுக்கே தெரியும். அதனால்தான் ஒட்டுவதில்லை என்பது என் சந்தேகம்.

"24 மணி நேரமும் திறக்கலாம்னு ஜி.ஓ. வந்திருக்கே" என்றான் அண்ணன் மகன். வந்திருக்கிறது, 2023 ஏப்ரலில். அது வருஷம் பத்தாயிரம் ரூபாய் கட்டி அனுமதி வாங்குகிற கடைகளுக்கு. அதிலும் ஊழியருக்கு வார விடுமுறை உண்டு, அடையாள அட்டை உண்டு, கூடுதல் நேரத்துக்குத் தனிச் சம்பளம் உண்டு. காபித்தூள் கடைக்கு நள்ளிரவில் யார் வரப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட அவனுக்கு மனசில்லை. செவ்வாய்க்கிழமை என்று தெலுங்கில் எழுதச் சொன்னேன். அதைப் படிக்க வேண்டிய பையன் மெட்டுகூடாவிலிருந்து வருகிறவன், தமிழும் தெரியும். ஆகவே கீழே தமிழிலும். லேபர் பதிவுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று, அபராதம் கேட்டால் கட்டுவான்.

"தீபாவளிக்கு முந்தின நாள் செவ்வாயா வந்துட்டா?" என்று கேட்கிறான். மூன்று மாதக் கணக்கு இடிக்காமல், முன்னாலேயே இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சுவரில் இருப்பதையும் திருத்திவிட்டு மாற்றடா என்றேன்.