மண்ணைப் பழிக்காதீர்கள், ஈரத்தைக் கேளுங்கள்!



"மண்கல்லில் வீடா? ஒரு மழைக்குத் தாங்காது" என்கிறார்கள். கரைந்தால் அது மண்ணின் குற்றமல்ல, அவசரத்தின் குற்றம்.

இயந்திரத்தில் அழுத்தும் மண்கல்லில் செம்மண்ணோடு நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சீமெந்து சேர்க்கிறார்கள். அந்தச் சீமெந்து இறுக ஈரம் வேண்டும். அச்சிலிருந்து எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, மூடி, ஒரு வாரமாவது காயவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். 28 நாள் கழிந்த பிறகே சுவர் எழுப்ப வேண்டும். மூன்றாம் நாளே வெயிலில் காய்ந்த கல்லைக் கட்டுகிற கொந்தராத்துக்காரர் நம் வீட்டுச் சீமெந்தை வீணாக்குகிறார்.

கல் வந்து இறங்கியதும் ஒன்றை எடுத்து இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போடுங்கள். காலையில் விளிம்பு கையோடு உதிர்ந்தால் அதை ஏற்காதீர்கள். புல்வேர் கலந்த மேல்மண்ணைப் போட்டிருந்தாலும் உதிரும்.

இரத்தினபுரி, களுத்துறைத் தோட்டங்களின் வெக்கையில் தடித்த மண்சுவர் பகல் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். ஆனால் மேலே வெறுந்தகரம் போட்டால் அந்தப் பயனும் போய்விடும். சாரல் சுவரில் படாதபடி இறவாரம் நீளட்டும்; அடியில் கருங்கல் அத்திவாரம் இருக்கட்டும்.

மண்கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரநிலை இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்!